பில் 187, பாக்கி ₹36,260

ஈரோட்டில் துண்டு, லுங்கி, போர்வை என்று மொத்த விலைக்குக் கொடுக்கும் அக்கா ஒருவருக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். தறிக்காரர்களிடம் சரக்கெடுத்து வெளியூர்க் கடைகளுக்குப் பார்சல் போடுவார். நாலைந்து மாவட்டங்களில் வாடிக்கைக் கடைகள் இருக்கின்றன. எல்லாம் 30 நாள் கடனில் நடக்கிற வியாபாரம். சரக்கு போவதில் அவருக்குத் தாமதமே கிடையாது. பணம் திரும்பி வருவதில்தான் சிக்கல்.

செப்டம்பர் நடுவில் ஒரு நாள் கணக்குப் பார்க்கப் போனபோது கைபேசியை என்னிடம் நீட்டினார். கும்பகோணத்துக் கடைக்காரர் ஒருவருக்கு முந்தின நாள் அவர் அனுப்பிய செய்தி அது. “இவ்வளவு எழுதியும் பதிலே இல்லை, பாருங்க” என்றார். செய்தி இதுதான்:

“அண்ணா வணக்கம்ங்க, நல்லா இருக்கீங்களா, வீட்ல அக்கா, பாப்பா எல்லாம் சௌக்கியங்களா. ரொம்ப நாளா பேசவே முடியலைங்க. தொந்தரவு பண்றதா நினைக்காதீங்க அண்ணா. போன தடவை நீங்க சொன்ன மாதிரி ஆவணி முகூர்த்தம் முடியட்டும்னு நானும் காத்திருந்தேங்க. இங்க நூல் விலை ஏறிப்போச்சுங்க, தறிக்காரங்க முன்பணம் குடுத்தாத்தான் ஓட்டுவோம்னு நிக்கறாங்க. எங்க வீட்டுக்காரருக்கு வேற உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரி செலவுங்க. நீங்க கொஞ்சம் குடுத்துட்டீங்க, இல்லைன்னு சொல்லலை. அந்த டேமேஜ் துண்டு விஷயமும் பேசணும்ங்க, அதைக் கழிச்சுக்கலாம். மீதியைக் கொஞ்சம் பாத்து சீக்கிரம் போட்டு விட்டீங்கன்னா நல்லா இருக்கும்ங்க. தீபாவளிக்குப் புது டிசைன் வந்திருக்குங்க, போட்டோ அனுப்பறேன் பாருங்க. உங்களுக்கு எப்ப முடியுமோ அப்பப் பண்ணுங்க அண்ணா. கோவிச்சுக்காதீங்க.”

பதில் இல்லை என்று அக்கா சொன்னது முழுக்கச் சரியில்லை. பதில் வந்திருந்தது. அவர் அனுப்பிய போட்டோவுக்குக் கீழே, “சிவப்பு 5 டஜன் போடும்மா” என்று இருந்தது. பாக்கியைப் பற்றித்தான் ஒரு வார்த்தையும் இல்லை.

இதில் கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே செய்தியில் இரண்டு விஷயம் இருந்தால், எதற்குப் பதில் சொல்வது சுலபமோ அதற்குத்தான் யாரும் பதில் சொல்வார்கள். சிவப்பு வேண்டும் என்பதற்கு யோசிக்க ஒன்றுமில்லை. மீதி எவ்வளவு என்பதற்கோ பில் புத்தகத்தைத் தேட வேண்டும், டேமேஜ் எத்தனை என்று பார்க்க வேண்டும், பையில் பணம் இருக்கிறதா என்று கணக்குப் போட வேண்டும். அந்த வேலை முழுவதையும் அக்கா அவர் தலையில் வைத்திருந்தார். போதாததற்கு, ‘உங்களுக்கு எப்ப முடியுமோ அப்ப’ என்று அனுமதியும் கொடுத்துவிட்டார். அவர் அந்த அனுமதியைப் பயன்படுத்திக்கொண்டார்.

செய்தியைச் சுருக்க உட்கார்ந்தோம். ஆனால் வெட்டுவதில் தொடங்கவில்லை. லெட்ஜரை எடுத்துப் பார்ப்பதில்தான் தொடங்கினோம். வளவளவென்று எழுதுகிறவர்களில் பலருக்கு எழுத்தில் குறையில்லை. கணக்கு கண்முன் இல்லாததால்தான் ‘மீதி’, ‘கொஞ்சம்’, ‘அந்த விஷயம்’ என்று சுற்றிச் சுற்றி வருகிறார்கள். தொகை உறுதியாகத் தெரிந்துவிட்டால் வாக்கியம் தானாகவே குறுகும்.

லெட்ஜரில் இருந்தது இவ்வளவுதான். பில் எண் 187, தேதி ஆகஸ்ட் 4, வரியோடு சேர்த்து ₹62,400. ஆகஸ்ட் 28 அன்று ₹25,000 வந்திருக்கிறது. டேமேஜ் என்று திரும்பி வந்த துண்டு 12, ஒன்று ₹95 வீதம் ₹1,140. இரண்டையும் கழித்தால் பாக்கி ₹36,260. முப்பது நாள் கெடு செப்டம்பர் 3 அன்று முடிந்துவிட்டது. நாங்கள் உட்கார்ந்திருந்தது செப்டம்பர் 17, புதன்கிழமை. அதாவது கெடு தாண்டி 14 நாள்.

இதில் ஒரு விஷயம் அக்காவுக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர் மனதில் பாக்கி ‘முப்பத்தேழு சொச்சம்’ என்றே இருந்தது. டேமேஜைக் கழிக்காத தொகை அது. அந்தத் தொகையைப் போட்டுக் கேட்டிருந்தால் கடைக்காரர் அதையே பிடித்துக்கொண்டு பேசியிருப்பார்.

பிறகு செய்தியை வரி வரியாகப் பார்த்தோம். முதலில் போனது ஆஸ்பத்திரிச் செலவு. அக்காவுக்கு அதை எடுக்க மனமில்லை. “நம்ம கஷ்டம் தெரிஞ்சாத்தானே இரக்கப்பட்டுக் குடுப்பாங்க” என்றார். நான் அவரிடம் சொன்னது இதுதான்: கடைக்காரர் தரவேண்டியது வாங்கிய சரக்குக்கான பணம். அதைக் கேட்பதற்கு நம் வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகத் தேவையில்லை. கஷ்டத்தைக் காரணமாகக் காட்டினால், எதிரில் இருப்பவரும் தன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்குவார். யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று பேச்சு போய்விடும், பணம் அங்கேயே நிற்கும். இன்னொன்றும் இருக்கிறது. பல கடைகளில் கல்லாவில் கிடக்கும் கைபேசியைக் கடைப்பையன் முதற்கொண்டு எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள். வீட்டு விஷயம் அங்கே போய்க் கிடக்க வேண்டுமா?

நூல் விலை, தறிக்காரர் முன்பணம் எல்லாம் அதே கணக்கில் போயின. ஆவணி முகூர்த்தமும் போனது. அது போன தவணையில் அவர் சொன்ன சாக்கு. நாமே நினைவுபடுத்தினால், அடுத்து ஐப்பசி முகூர்த்தம் என்பார்.

புது டிசைன் விஷயத்தைத் தனியாக எடுத்துவைத்தோம். அது வேண்டாத விஷயம் இல்லை. வியாபாரமே அதுதான். ஆனால் பாக்கி கேட்கிற செய்தியில் அதற்கு இடமில்லை. பாக்கிக்குத் தேதி கிடைத்த பிறகு, வேறு செய்தியாக அனுப்ப வேண்டும்.

அடுத்து வந்தவை சின்னச் சொற்கள். ‘கொஞ்சம் பாத்து’, ‘சீக்கிரம்’, ‘மீதி’. இவை பேச்சில் இனிமையானவை. ஆனால் பணம் கேட்கும்போது ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை. ‘சீக்கிரம்’ என்றால் அக்காவுக்கு மூன்று நாள், கடைக்காரருக்கு ஒரு மாதம். ‘மீதி’ என்றால் எவ்வளவு? அதனால் ‘மீதி’ இருந்த இடத்தில் ₹36,260 உட்கார்ந்தது. ‘சீக்கிரம்’ இருந்த இடத்தில் ஒரு கிழமையும் தேதியும் உட்கார்ந்தன.

கிழமையும் தேதியும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ‘அடுத்த சனிக்கிழமை’ என்றால் வருகிற சனியா, அதற்கடுத்த சனியா என்று நம் ஊரில் ஆளுக்கொரு கணக்கு. ‘ஒண்ணாம் தேதி’ என்றால் பெரியவர்கள் சிலருக்குத் தமிழ் மாதப் பிறப்பு, இளையவர்களுக்கு ஆங்கில மாதம். இரண்டுக்கும் நடுவில் பாதி மாதம் போய்விடும். தொகையிலும் அப்படித்தான். மார்க்கெட்டில் ‘முப்பத்தாறு ரூபா’ என்றாலே முப்பத்தாறாயிரம் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் எழுத்தில் கடைசி ரூபாய் வரை இருக்க வேண்டும். முழுத் தொகையைப் பார்த்தால்தான் கணக்கு முடித்தவர் கேட்கிறார் என்று எதிராளிக்குத் தெரியும்.

இவ்வளவு வெட்டியதும் அக்கா முகம் சுருங்கியது. “இது பேங்க்காரன் அனுப்பற மாதிரி இருக்குங்க. அண்ணன் முகம் சுளிப்பாரு” என்றார். இந்தப் பயம்தான் நம் ஆட்களைச் சுருக்கமாக எழுத விடாமல் தடுக்கிறது. குறைவாக எழுதினால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். ஆனால் தமிழில் மரியாதை நீளத்தில் இல்லை. அழைக்கிற சொல்லிலும் வினைச்சொல்லின் முடிவிலும் இருக்கிறது. ‘அண்ணா’ என்று தொடங்கி ‘ங்க’ என்று முடித்தால் மூன்று சொல்லிலும் பணிவு முழுதாக வந்துவிடும். அதற்குள்ளேயே படிகளும் இருக்கின்றன. ‘போடுங்க’ என்றால் கட்டளை போலக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ‘போட்டு விடுங்க’ என்றால் அதே வேலைதான், ஆனால் சொந்தக்காரர் சொல்வதுபோல இருக்கும். ‘போட முடியுமாங்களா’ என்றால் முடியாது என்று சொல்ல வாசல் திறந்துவிடுகிறோம். ‘போட்டீங்கன்னா நல்லா இருக்கும்’ என்றால் அது வெறும் ஆசை, கேள்விகூட இல்லை. நாங்கள் ‘போட்டு விடுங்க’ என்பதை எடுத்துக்கொண்டோம். வணக்கமும் அண்ணாவும் இருந்த இடத்திலேயே இருந்தன. வீட்டு நலம் விசாரிப்பது போனில் பேசும்போது செய்ய வேண்டியது. அங்கே அது உண்மையாகவும் இருக்கும்.

கடைசியில் நின்ற செய்தி இது:

“வணக்கம்ங்க அண்ணா. பில் 187 (4.8) பாக்கி *₹36,260*.
பில் 62,400, வந்தது 25,000, டேமேஜ் 12 துண்டு 1,140.
கெடு 3.9 அன்னிக்கு முடிஞ்சதுங்க. வர்ற சனிக்கிழமைக்குள்ள (20.9) போட்டு விடுங்க.
என்னிக்குப் போடறீங்கன்னு இன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

வரிசைக்குக் காரணம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் மூடிய திரையிலும் பெயர்ப் பட்டியலிலும் தெரிவது ஓரிரண்டு வரிதான். அக்காவின் பழைய செய்தியில் அங்கே தெரிந்தது ‘நல்லா இருக்கீங்களா, வீட்ல அக்கா, பாப்பா’ என்பது மட்டும். அவசரத்தில் இருப்பவர் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவார். திறந்து பார்த்தாலும், மிக நீளமான செய்தியைச் செயலியே பாதியில் மடித்துவிடும். கேட்கிற விஷயம் அந்த மடிப்புக்குள் போய்விட்டால் கேட்டும் கேட்காத கதைதான். புதிய செய்தியில் வணக்கத்தை அடுத்து பில் எண்ணும் தொகையும் வந்துவிடுகின்றன. திறக்காமலே விஷயம் தெரியும். தொகையின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் அது தடித்த எழுத்தாக மாறும். தடித்த எழுத்து செய்தியில் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். நாலு இடத்தில் போட்டால் எதுவும் கண்ணில் நிற்காது.

பில் எண் எதற்கு என்றால், அதே கடைக்கு வேறு பில்லும் ஓடிக்கொண்டிருக்கலாம். எந்தப் பில் என்று சொல்லாமல் கேட்டால், வரும் பணத்தை எதில் வரவு வைப்பது என்று பின்னால் தகராறு வரும். ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் ‘187’ என்று தட்டினால் அந்தப் பேச்சு முழுதும் வந்து நிற்கும். குரல் பதிவில் அந்த வசதி இல்லை. நிறையப் பேர் எழுதச் சோம்பி மூன்று நிமிடம் பேசி அனுப்புகிறார்கள். கூட்டமான கடையில் வாடிக்கையாளர் முன்னால் ‘பாக்கி’ என்ற சொல் ஒலிக்க எந்தக் கடைக்காரர் அதை அழுத்துவார்?

கடைசி வரி ஒரே ஒரு கேள்வி. பணத்தை இன்று கேட்கவில்லை, தேதியைத்தான் இன்று கேட்கிறது. கையில் பணம் இல்லாதவரும் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது. அவர் வாயால் ஒரு தேதி வந்துவிட்டால், அடுத்த முறை நாம் பேசுவது அவர் சொன்ன தேதியைப் பற்றி.

வங்கிக் கணக்கு விவரத்தை இந்தச் செய்தியில் சேர்க்கவில்லை. அதை அடுத்த செய்தியாகத் தனியே அனுப்பச் சொன்னேன். கைபேசியில் செய்தியை அழுத்திப் பிடித்து நகல் எடுத்தால் முழுச் செய்தியும் வரும். கணக்கு எண் மட்டும் தனியே இருந்தால் ஒரு தட்டில் எடுத்துக்கொள்வார். அந்த எண் பில்லில் அச்சடித்ததாகவே இருக்க வேண்டும். புது எண் கொடுத்தால், மோசடி ஆசாமிகள் இந்த வழியில்தான் வருகிறார்கள் என்று எச்சரிக்கையாக இருப்பவர் நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்துவதும் சரிதான்.

அனுப்பும் நேரத்தில் அக்காதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். காலை ஒன்பதரைக்கே அனுப்பலாம் என்றேன். “போணி ஆகறதுக்கு முன்னாடி பாக்கி கேட்டா அன்னிக்கு முழுக்க வியாபாரம் ஆகாதுன்னு நினைப்பாங்க” என்றார். வெள்ளிக்கிழமையும் வேண்டாம், அன்று கையை விட்டுக் காசு போகக் கூடாது என்று பார்க்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். விளக்கு வைத்த பிறகும் அப்படித்தான். பதினொன்றரை மணிக்கு அனுப்பினோம். போணி முடிந்திருக்கும், மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வந்திருக்காது.

அனுப்புவதற்கு முன் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. யாரோ அனுப்பிய ஒரு தகவலை அக்கா வைத்திருந்தார். சிறு தொழில் பதிவு வைத்திருப்பவருக்கு 45 நாளில் பணம் தராவிட்டால் வாங்கியவர் வட்டியோடு கட்ட வேண்டும், வருமான வரியிலும் அந்தச் செலவைக் கழிக்க முடியாது என்று அதில் இருந்தது. “இதையும் கடைசியில் ஒட்டிவிடலாமா?” என்றார். வேண்டாம் என்றேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தில் 45 நாள் உச்சவரம்பு இருப்பது உண்மை. வருமான வரியில் அந்த விதி 2024–25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்ததும் உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்பு உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். சில்லறை, மொத்த வியாபாரிகளுக்கு 2021 ஜூலையில் உத்யம் பதிவு திரும்பக் கிடைத்தபோது, வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும் என்று வரம்பு கட்டித்தான் கொடுத்தார்கள். தறி வைத்து நெய்கிறவர் அந்த விதியைச் சொல்லலாம். வாங்கி விற்கிற அக்கா சொன்னால், கடைக்காரரின் ஆடிட்டர் ஒரே வரியில் மறுத்துவிடுவார். பொய்யான மிரட்டல் வெளிப்பட்டால், அதற்கு மேலே இருக்கும் உண்மையான தொகையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

அக்காவுக்கு உண்மையிலேயே பொருந்துகிற விதி வேறு. ஜிஎஸ்டியில், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சரக்குக்குப் பணம் தராத கடைக்காரர், தான் எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். ஆனால் 44ஆவது நாளில் அதை எழுதுவது அவசரம். ஐந்தாவது மாதத்தில் சொன்னால் எடை இருக்கும், அப்போதும் நினைவூட்டுவதாகச் சொன்னால் போதும்.

மதியம் ஒரு மணிக்குப் பதில் வந்தது. “டேமேஜ் 18 பீஸும்மா. 12 இல்ல. அதான் கணக்கு நேராகட்டும்னு வச்சிருந்தேன்.”

அக்காவுக்குக் கோபம் வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று வாரமாகப் பணம் ஏன் நின்றது என்று இப்போதுதான் தெரிகிறது. பழைய செய்தியில் ‘அந்த டேமேஜ் விஷயமும் பேசணும்’ என்று மூடிவைத்ததால் அவரும் மூடிவைத்திருந்தார். கழித்த எண்ணிக்கையைத் திறந்து எழுதியதும், அவர் தன் எண்ணிக்கையைத் திறந்துவிட்டார். வசூலில் நான் பார்த்தவரை, பணமே இல்லாமல் நிற்கிற பாக்கிகள் ஒரு பக்கம் இருந்தாலும், கணக்கு நேராகாமல் நிற்கிற பாக்கிகளும் நிறையவே உண்டு. அவற்றை வெளியே கொண்டுவருவது அந்த இரண்டாவது வரிதான்.

பழைய படங்களைப் புரட்டிப் பார்த்தோம். முதலில் 12 துண்டின் படம். நாலு நாள் கழித்து இன்னொரு 6 துண்டின் படம், பார்சல் ஆபீஸ் ரசீதோடு. அக்கா அதைக் கவனிக்கவில்லை. 18 துண்டுக்கு ₹1,710. பாக்கி ₹35,690. உடனே எழுதினார்: “சரிங்க அண்ணா, 18 தான். பாக்கி *₹35,690*. சனிக்கிழமை பாத்துக்கறேங்க.” பதிலுக்கு “சரிம்மா” வந்தது. தொகையைச் சொல்லி அவர் ஒப்புக்கொண்ட எழுத்து அது. பாக்கி வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் காலவரம்பு. நாளைக்குப் பேச்சு முற்றினால் வக்கீல் முதலில் கேட்பது இப்படிப்பட்ட எழுத்தைத்தான். அதனால் அந்தச் செய்திகளை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தராமலே ஏமாற்ற நினைப்பவரிடம் இந்த நாலு வரி வேலை செய்யாது. ஒரு செய்திக்குப் பதில் இல்லையென்றால் இரண்டு நாள் விட்டு, அதே செய்தியை மேற்கோளாக இழுத்து ‘அண்ணா, தேதி சொல்லுங்க’ என்று மட்டும் எழுதலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது செய்தி வேண்டாம். போன் செய்ய வேண்டும், இல்லையென்றால் அடுத்த பயணத்தில் நேரில் போக வேண்டும். அடுத்த பார்சலை நிறுத்திவைப்பது எந்தச் செய்தியையும்விடத் தெளிவாகப் பேசும். வியாபாரிகள் குழுவில் பெயர் சொல்லிக் கேட்பது மட்டும் கூடாது. அந்தப் பணம் வந்தாலும் அந்தக் கடை திரும்பி வராது.

சனிக்கிழமை மாலை ₹20,000 வந்தது. முழுதாக வரவில்லையே என்று அக்கா மறுபடி நீளமாக எழுதத் தொடங்கினார். பாதியில் தானே நிறுத்தி அழித்துவிட்டு இப்படி எழுதினார்: “20,000 வந்துச்சுங்க அண்ணா, நன்றி. பில் 187 பாக்கி *₹15,690*. மீதிக்குத் தேதி சொல்லுங்க.” பத்து நிமிடத்தில் “30” என்று பதில்.

முப்பதாம் தேதி மதியம் ₹15,690 வந்தது. “வந்துச்சுங்க. பில் 187 முடிஞ்சது” என்று அனுப்பிவிட்டு, சிவப்பு 5 டஜனை அன்று சாயங்காலமே பார்சல் ஆபீசில் போட்டு ரசீதைப் படமெடுத்து அனுப்பினார். படத்துக்குக் கீழே ஒரே வரி: “பில் 214, கெடு 30.10.”